போனில் படிப்பவருக்கு மெயில்: உள்ளே ஒட்டுவதா, கோப்பாக இணைப்பதா?

ஒரு பயிற்சி வகுப்பின் அறிவிப்புகளை அனுப்பும் பொறுப்பு கொஞ்ச காலம் என் தலையில் இருந்தது. அறிவிப்பைத் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, "இணைப்பைப் பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புவதுதான் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நானும் அதையே செய்தேன். "வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று பதில் வரும். நேரம் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும். படிப்பவர் மேல் குறை சொல்லிப் பயனில்லை. அவர் எங்கோ நின்றபடி ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். கோப்பைத் திறக்கவே இரண்டு மூன்று தட்டல், திறந்தபின் பெரிதாக்க இரண்டு விரல். அதற்குள் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றிவிடுகிறது.

எதை மெயிலுக்குள் ஒட்ட வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்யும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கட்டை வைத்துக்கொள்வோம்: இரண்டு பக்க அறிவிப்பு (வேர்ட் கோப்பு), அதில் ஐந்து பத்தி கொண்ட கால அட்டவணை, ஒரு பக்க விண்ணப்பப் படிவம், எட்டுப் பக்க விதிமுறைகள். எல்லாம் ஒரே மெயிலில் போக வேண்டும்.

1. படிப்பவர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்?

கோப்பு எவ்வளவு பெரியது, எத்தனை பக்கம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

படித்துத் தெரிந்துகொண்டால் போதும் என்றால் அது மெயிலுக்குள் போக வேண்டும். அச்செடுக்க, கையெழுத்துப் போட, எங்காவது காட்ட, கணக்குப் போட, திருத்தித் திருப்பி அனுப்ப என்றால் அது கோப்பாகவே இருக்க வேண்டும். சான்றிதழ், ரசீது, ஒப்பந்தம் போன்றவை சொல்லாமலே இரண்டாவது வகை. அவற்றின் வடிவம் மாறக் கூடாது.

நம் கட்டில் அறிவிப்பு முழுவதும் முதல் வகை. தேதி, நேரம், இடம், கட்டணம், கடைசி நாள் எல்லாமே படித்தால் போதும். விதிமுறைகளை யாரும் இன்று படிக்கப் போவதில்லை. சந்தேகம் வரும்போது தேடுவார்கள். அது கோப்பு. விண்ணப்பம்தான் இழுபறி, அதற்கு ஐந்தாவது படியில் வருகிறேன்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மெயிலுக்குள் இருக்கும் எழுத்து, மெயில் வந்து சேரும்போதே பெரும்பாலும் போனுக்குள் இறங்கிவிடும். இணைப்பு பொதுவாகத் தட்டினால்தான் இறங்கும். சிக்னல் இல்லாத இடத்தில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது தெரியும், இணைப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். வகுப்பு நடக்கும் இடத்தின் முகவரியை இணைப்பில் மட்டும் வைப்பது எவ்வளவு மோசம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். வழி தேடிக்கொண்டு தெருவில் நிற்கும்போதுதானே அது தேவைப்படும்!

அதேபோல, ஒருவர் உங்கள் மெயிலுக்குப் பதில் எழுதும்போது மூன்றாவது ஆளையும் சேர்த்தால், உள்ளே இருந்த எழுத்து அவருக்கும் போகும், இணைப்பு போகாது. ஃபார்வேர்டு செய்தால் மட்டும்தான் இணைப்பும் கூடப் போகும். "எனக்குக் கோப்பே வரவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

2. ஏ4 தாள் போன் திரையில் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இன்றைய போன்களின் திரை அகலம் சுமார் 65 முதல் 70 மில்லிமீட்டர். அதாவது தாள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து, திரையில் 4 புள்ளி அளவுக்கு வந்துவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எழுத்தைவிடச் சிறியது அது. போனைப் பக்கவாட்டில் திருப்பினால் 8 புள்ளி அளவுக்கு வரும், ஆனால் ஒரு நேரத்தில் சில வரிகள்தான் தெரியும்.

மெயிலுக்குள் இருக்கும் எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வரி திரையின் அகலத்துக்குத் தானே மடங்கும். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் வயதானவருக்குப் பெரும்பாலான மெயில் செயலிகளில் அதே பெரிய அளவில் தெரியும். போன் எண்ணைத் தட்டினால் அழைப்பு போகும், முகவரியைத் தட்டினால் வரைபடம் திறக்கும்.

சரி, பிடிஎஃப்தான் வேண்டும், அதையும் போனில்தான் படிப்பார்கள் என்றால்? தாளின் அளவை மாற்றுங்கள். வேர்டில் பக்க அளவை ஏ6 என்று வைத்து (105 மி.மீ. அகலம்), ஓரத்தை 8 மி.மீ. ஆக்கி, எழுத்தை 14 புள்ளியில் வையுங்கள். திரையில் அது சுமார் 9 புள்ளி அளவில் தெரியும், விரலால் பெரிதாக்காமலே படிக்கலாம். பக்க எண்ணிக்கை கூடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போனில் கீழே தள்ளிக்கொண்டே போவது எளிது, பக்கவாட்டில் இழுப்பதுதான் கஷ்டம். நம் எட்டுப் பக்க விதிமுறைகளை நான் இப்படித்தான் அனுப்புவேன்.

3. ஒட்டுவதற்கு முன் எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள்

அறிவிப்பை உள்ளே ஒட்டுவது என்று முடிவாகிவிட்டது. உடனே நகலெடுத்து ஒட்டிவிடாதீர்கள். அதிகமாகக் காரியம் கெடுவது இங்கேதான்.

வேர்டிலிருந்து நேராக ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத அலங்காரக் குறிகள் கூடவே வரும். எழுத்தின் அளவும் நிறமும் வரி இடைவெளியும் எல்லாம் கட்டி வைத்தபடி வரும். கணினியில் அழகாகத் தெரிவது போனில் ஒரு வரி பெரிது, ஒரு வரி சிறிது என்று ஆகிவிடும். போனை இருண்ட நிறத்தில் வைத்திருப்பவருக்குச் சில சமயம் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்தே போய்ச் சேரும். கணினி பிரவுசரில் ஜிமெயில் திறந்திருந்தால் Ctrl+Shift+V அழுத்தி ஒட்டுங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். தலைப்புகளைத் தடிப்பாக்குவதை ஒட்டியபின் மெயிலிலேயே செய்துகொள்ளலாம்.

இந்த அலங்காரக் குறிகளுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மெயிலைப் பாதியில் வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க ஒரு சுட்டியை அடியில் வைக்கும். பலர் அதைத் தட்டுவதே இல்லை, மெயில் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். படங்கள் இந்தக் கணக்கில் சேராது, எழுத்தும் குறிகளும்தான் சேரும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடில் வழக்கமாக 3 பைட் எடுக்கும், ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான். அப்படியும் இரண்டு மூன்று பக்கச் சுத்தமான எழுத்து 102 கேபியை நெருங்காது. வேர்டிலிருந்து வந்த குப்பையும், கீழே வாலாகத் தொங்கும் பழைய பதில்களும்தான் அந்த எல்லைக்குக் கொண்டுபோகும்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுப்பதைத் தவிருங்கள். அதில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரி உடைந்திருக்கும். உடைந்த வரி போன் திரையில் மறுபடி மடங்கும்போது ஒரு நீள வரி, அடுத்து இரண்டே சொல் கொண்ட வரி என்று மாறி மாறி வரும். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி வருவதும் உண்டு. மூலக் கோப்பு கிடைத்தால் அதிலிருந்தே எடுங்கள். கிடைக்காவிட்டால் திரும்பத் தட்டச்சு செய்வது பல சமயம் சீக்கிரம் முடியும்.

தமிழில் அனுப்புபவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், உங்கள் கணினியில் "வணக்கம்" என்று தெரிவது படிப்பவரின் போனில் `tzf;fk;` என்று தெரியும். அந்த எழுத்துரு அவர் போனில் இருக்காது. உள்ளே ஒட்டினாலும் இப்படித்தான், வேர்டு கோப்பாக இணைத்தாலும் இப்படித்தான். சோதிப்பது எளிது: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறினால் அது பழைய முறை. யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள். மாற்ற நேரமில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கி இணைப்பதுதான் வழி. எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்து போவதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடவோ நகலெடுக்கவோ மட்டும் முடியாது.

4. அட்டவணையை அவிழ்த்து வரிகளாக்குங்கள்

நம் அறிவிப்பில் நாள், நேரம், தலைப்பு, நடத்துபவர், அறை என்று ஐந்து பத்தி. இதை அப்படியே மெயிலில் ஒட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். மெயில் செயலி அட்டவணை திரைக்குள் அடங்க வேண்டும் என்று மொத்த மெயிலையும் சுருக்கும். அட்டவணையோடு மற்ற எழுத்தும் பொடியாகிவிடும். இல்லாவிட்டால் கடைசி இரண்டு பத்திகள் திரைக்கு வெளியே போய்விடும், அறை எண் இருப்பதே தெரியாது.

இரண்டு பத்தி என்றால் அட்டவணையாகவே விடலாம். மூன்று, சொற்கள் சிறியதாக இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் அவிழ்த்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வரும் பத்தியைத் தலைப்பாக்கி, மற்றதை ஒரு வரியில் அடக்கலாம்:

சனி, 14 ஜூன்
காலை 10:00 – 11:30 கணக்குப் பதிவு, அடிப்படை. அறை 2
காலை 11:45 – 1:00 ரசீதும் வவுச்சரும். அறை 2
பிற்பகல் 2:00 – 4:00 செய்முறை. அறை 5

நாள் என்ற பத்தி தலைப்பாகிவிட்டது. நடத்துபவர் பெயரை நான் எடுத்தே விட்டேன். வருபவர் எங்கே, எப்போது வர வேண்டும் என்பதற்கு அது தேவையில்லை. முழு அட்டவணை வேண்டியவர் கோப்பில் பார்த்துக்கொள்வார்.

அட்டவணையைப் படம் பிடித்து அந்தப் படத்தை உள்ளே ஒட்டுவது சிலரின் பழக்கம். வேண்டாம். படத்தில் இருக்கும் எழுத்து திரைக்கு ஏற்ப மடங்காது, பின்னால் தேடினால் கிடைக்காது, கண் தெரியாதவரின் போன் அதைச் சரியாக வாசிக்காது. சில மெயில் செயலிகள் அனுமதி கேட்காமல் படத்தைக் காட்டாது என்பதால் வெற்றுக் கட்டம் மட்டும் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

எண்கள் நிறைந்த பெரிய அட்டவணை, அதாவது கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு என்றால் எக்செல் கோப்பாகவே இணைத்துவிடுங்கள். அதன் கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் மெயிலுக்குள் எழுதுங்கள்.

5. படிவத்தை அனுப்பும் முன் யோசியுங்கள்

வேர்டில் செய்த படிவத்தில் "பெயர்: ________" என்று கோடு போட்டிருக்கும். போனில் அதன் மேல் தட்டச்சு செய்தால் கோடு தள்ளிக்கொண்டே போய் அடுத்த வரியையும் குலைக்கும். அச்செடுத்து எழுதிப் படம் பிடித்து அனுப்பு என்றால், அச்சுப்பொறி இல்லாதவர் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவார். படிவங்கள் தாமதமாக வருவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கையெழுத்து கட்டாயமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் படிவமே தேவையில்லை. மெயிலுக்குள் கேள்விகளை எண் போட்டு எழுதிவிட்டு, "எண்ணைப் போட்டுப் பதில் எழுதினால் போதும்" என்று சொல்லுங்கள்:

1. முழுப்பெயர்
2. போன் எண்
3. இரண்டு நாளும் வருவீர்களா, ஒரு நாளா?
4. கட்டணம் செலுத்திய தேதி

பதில் எழுதும்போது போன் உங்கள் பழைய மெயிலை மடித்து மறைத்துவிடும். அதனால் கேள்விகள் ஐந்தாறுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் இணையப் படிவம் ஒன்று செய்து சுட்டி கொடுப்பது மேல்.

கையெழுத்து வேண்டும் என்றால் படிவத்தை ஏ4 பிடிஎஃப் ஆக இணைத்துவிடுங்கள். அச்சுக்குப் போவதால் இங்கே ஏ6 வேண்டாம். நிரப்பிய தாளைச் சாதாரணமாகப் படம் பிடித்து அனுப்பினால் ஒரு பக்கமே சில எம்பி வரும். போனிலேயே ஆவணம் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது: ஐபோனில் நோட்ஸ் செயலியில், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியில். அது ஓரத்தை வெட்டி, நிழலைக் குறைத்து, பிடிஎஃப் ஆகவே கொடுக்கும். இதை உங்கள் மெயிலில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

6. இணைப்பது என்றால் அளவும் பெயரும் வகையும்

ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம் என்பது அனுப்புபவருக்கான எல்லை. பெறுபவரின் அலுவலக சர்வர் 10 எம்பியோடு நிறுத்தியிருக்கலாம். போதாததற்கு, இணைப்புகள் மெயிலில் பயணம் செய்ய எழுத்து வடிவுக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 8 எம்பி கோப்பு கிட்டத்தட்ட 11 எம்பியாகப் போகும். 10 எம்பி எல்லையில் அது திரும்பி வரும். போனில் படிப்பவருக்கு மொத்தம் 2 எம்பிக்குள் இருக்கட்டும் என்பது என் கணக்கு. டேட்டா அவருடைய காசு.

கோப்பு பெருத்திருந்தால் காரணம் பெரும்பாலும் படங்கள்தான். ஸ்கேன் செய்த தாள் என்றால் வண்ணத்தை விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் 150 டிபிஐ வைத்தாலே படிக்கத் தெளிவாக இருக்கும்.

இரண்டு கோப்பு போனால் பெயரைப் பார்த்தே எது எது என்று தெரிய வேண்டும். போனில் கோப்புப் பெயரின் முதல் சில எழுத்துகள்தான் தெரியும், மீதி வெட்டுப்படும். `Document1.pdf`, `Final_new2.pdf` என்றெல்லாம் வைத்தால் ஒரு மாதம் கழித்துப் பதிவிறக்கங்களில் தேடுபவருக்கு ஒன்றும் புரியாது. `vithigal-june14.pdf` போல, பொருள் முன்னால், தேதி பின்னால் வையுங்கள்.

ஜிப் கோப்பு வேண்டாம். அதைப் போனில் பிரிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். கணினியில் அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "இணைப்பு `winmail.dat` என்று வருகிறது, திறக்கவில்லை" என்று யாராவது சொன்னால், உங்கள் மெயில் ரிச் டெக்ஸ்ட் வடிவில் போகிறது என்று பொருள். வடிவத்தை HTML என்று மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

7. சுட்டி கொடுத்தால் அனுமதியைத் திறந்து வையுங்கள்

பெரிய கோப்பை டிரைவில் போட்டுச் சுட்டி கொடுப்பது நல்ல வழிதான். ஆனால் சுட்டியைத் தட்டியதும் அனுமதி கேட்கும் பக்கம் வந்து நிற்பதும் இதில்தான். உங்கள் கணக்கில் பார்த்தால் எப்போதும் திறக்கும், உரிமையாளர் நீங்கள்தானே. பிரவுசரின் இன்காக்னிட்டோ சாளரத்தில் சுட்டியை ஒட்டிப் பாருங்கள், அப்போதுதான் மற்றவர் பார்ப்பது தெரியும். தனிப்பட்ட விவரம் உள்ள ஆவணத்தை மட்டும் "சுட்டி உள்ள யாரும்" என்று திறந்துவிடாதீர்கள். அதை உரியவருக்கு மட்டும் இணைப்பாக அனுப்புங்கள்.

8. அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒரு சோதனை

முடித்த மெயிலை முதலில் உங்களுக்கே அனுப்பி, வைஃபையை அணைத்துவிட்டுப் போனில் திறங்கள். இணைப்பைத் தொடாமல், மெயிலை மட்டும் படித்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள்: எப்போது, எங்கே, எவ்வளவு, கடைசி நாள் எது, நான் என்ன செய்ய வேண்டும்? அப்புறம் இருண்ட நிறத்துக்கு மாற்றி ஒரு முறை, எழுத்தைப் பெரிதாக்கி ஒரு முறை. முடிந்தால் வேறு மெயில் செயலி வைத்திருக்கும் ஒருவருக்கும் அனுப்பிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. அனுப்பும் அன்றே செய்தால் அவசரத்தில் விட்டுவிடுவீர்கள், அதனால்தான் முந்தைய நாள் என்கிறேன்.

பட்டியலில் மெயில் எப்படித் தெரிகிறது என்பதையும் அப்போதே பாருங்கள். போனில் பொருள் வரியின் முதல் முப்பது நாற்பது எழுத்துகள்தான் தெரியும், தமிழில் இன்னும் குறையும். "பயிற்சி வகுப்பு நடைபெறுவது குறித்த அறிவிப்பு" என்பதற்குப் பதிலாக "ஜூன் 14, 15 வகுப்பு: நேரமும் இடமும்" என்று வையுங்கள். மெயிலின் முதல் வரியும் அங்கே எட்டிப் பார்க்கும் என்பதால் நீண்ட விளிப்பில் அதை வீணாக்க வேண்டாம்.

நம் கட்டு கடைசியில் இப்படி நிற்கும். உள்ளே: முதல் வரியில் தேதியும் இடமும், அதன்கீழ் கட்டணமும் கடைசி நாளும், அவிழ்த்த கால அட்டவணை, நான்கு கேள்விகள். இணைப்பாக: ஏ6 அளவில் விதிமுறைகள், அச்செடுக்க விரும்புபவருக்கு அறிவிப்பின் ஏ4 பிரதி. "இணைப்பில் விதிமுறைகளும் அச்சுப் பிரதியும் இருக்கின்றன, இன்றே திறக்க வேண்டியதில்லை" என்று ஒரு வரி.

ஒரே விவரம் உள்ளேயும் கோப்பிலும் இருப்பதால் ஒரு ஆபத்து உண்டு. அறை 2 என்பது அறை 4 ஆகிவிட்டது, நீங்கள் மெயிலில் திருத்திவிட்டுக் கோப்பை மறந்துவிட்டால், பாதிப் பேர் ஒரு அறையிலும் மீதிப் பேர் இன்னொரு அறையிலும் உட்காருவார்கள். அதனால் எப்போதும் கோப்பை முதலில் திருத்தி, அதிலிருந்து எடுத்து மெயிலில் ஒட்டுங்கள். அனுப்பியபின் மாற்றம் வந்தால் பழைய மெயிலுக்கு ரிப்ளை செய்து அனுப்பாமல், "மாற்றம்: அறை 4" என்ற புதிய பொருள் வரியோடு தனி மெயிலாக அனுப்புங்கள். அதில் மாறிய ஒன்றை மட்டும் உள்ளே எழுதி, திருத்திய கோப்பைப் புதிய தேதியிட்ட பெயரில் இணைத்துவிடுங்கள்.